எழுதாத துண்டுத்தாள்

தேர்வறையில் காப்பியடித்துப் பிடிபடுவதாகக் கனவு கண்டேன் என்று என்னிடம் சொன்னவர்களில் அநேகமாக எல்லோருமே பள்ளியிலும் கல்லூரியிலும் ஒழுங்காகப் படித்துத் தேறியவர்கள். அவர்களில் வங்கி ஊழியர் உண்டு, செவிலியர் உண்டு, பேரன் பேத்தி எடுத்துவிட்ட ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும் உண்டு. திருவாரூர் மாவட்டத்தில் மேல்நிலைப் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டு, ஒவ்வொரு மார்ச் மாதமும் பொதுத்தேர்வு அறைக் கண்காணிப்புக்குப் போய்வருகிறவன் என்பதால், இந்தக் கனவைப் பற்றிக் கேட்டாலே என் காது தானாகக் கூர்மையடைந்துவிடுகிறது. கனவில் என்ன நடந்தது என்பதைவிட, கண்விழித்த பிறகு அவர்கள் மனத்தில் என்ன நடந்தது என்பதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

தேர்வைப் பற்றிய கனவுகள் பல வகை. தாமதமாகப் போவது, நுழைவுச்சீட்டை மறந்துவிடுவது, படிக்காத பாடத்தின் வினாத்தாள் கைக்கு வருவது, பேனா எழுதாமல் போவது ஆகியவை மிகவும் பழக்கமானவை. 2014 இல் வெளியான ஓர் ஆய்வில், பாரிஸ் நகரில் மருத்துவப் போட்டித் தேர்வு எழுதிய சுமார் 700 மாணவர்களிடம் கேட்டபோது, பத்தில் ஆறு பேர் முந்தைய இரவில் தேர்வைப் பற்றியே கனவு கண்டிருந்தனர். அக்கனவுகளில் பெரும்பாலானவற்றில் தேர்வு மோசமாகவே முடிந்திருந்தது. இஸபெல் ஆர்னுல்ஃப் என்ற தூக்கவியல் மருத்துவரும் அவர் குழுவினரும் செய்த அந்த ஆய்வு, அப்படிக் கனவு கண்டவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாக அல்ல, கூடுதலாகவே மதிப்பெண் பெற்றதையும் காட்டியது. ஆனால் அவர்களிடம் மிகுதியாக வந்தவை தாமதக் கனவும் மறதிக் கனவும்தான். காப்பியடித்துப் பிடிபடும் கனவு அவற்றுக்கு உறவுதான் என்றாலும், அது விட்டுச்செல்லும் தடம் வேறு.

தாமதமாகப் போவதாகக் கனவு கண்டவர் கண்விழித்ததும், இன்றைக்குத் தேர்வே இல்லை என்று தெரிந்துகொள்கிறார். பதற்றம் அந்த நொடியிலேயே இறங்கத் தொடங்குகிறது. ஏனென்றால் பயம் என்பது வரப்போவதைப் பற்றியது. வரப்போவது ஒன்றுமில்லை என்று தெரிந்தால் அதற்கு நிற்க இடமில்லை. குற்றவுணர்வு அப்படிப்பட்டதன்று. அது நடந்து முடிந்ததைப் பற்றியது. இன்றைக்குத் தேர்வு இல்லை என்று தெரிந்தால் மட்டும் அது போய்விடாது, ஏனென்றால் காப்பியடித்தது என்றைக்கோ நடந்ததாகத்தானே மனம் எடுத்துக்கொள்கிறது? ஆகவே தாமதக் கனவு எழுந்ததும் முடிகிறது; காப்பிக் கனவின் உபத்திரவமோ பல சமயம் எழுந்த பிறகுதான் தொடங்குகிறது.

இதை எனக்குத் தெளிவாக்கியவள் என் சித்தி மகள். நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வேலை பார்க்கிறாள். நகைக்கடன் பேரேடும் உர இருப்புப் பதிவேடும் அவள் பொறுப்பில் இருக்கின்றன. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்குப்பதிவியலில் நல்ல மதிப்பெண் வாங்கியவள். இதை நான் எழுதச் சம்மதித்தவள் அவளே. பெயரையும் ஊரையும் மட்டும் விட்டுவிடச் சொன்னாள்.

பங்குனி மாதம், ஊரெல்லாம் உளுந்துச் செடி பறிக்கும் நேரம். ஒரு நாள் விடியற்காலையில் அவள் கண்ட கனவு இது. அவள் படித்த பள்ளியிலேயே, ஆனால் இப்போதைய வயதில், புடவை கட்டிக்கொண்டு தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறாள். விடைத்தாளின் முகப்புத் தாளில் அவளுடைய புகைப்படம் இருக்க வேண்டிய இடத்தில் வேறு யாரோ ஒரு சிறுமியின் படம் இருக்கிறது. நுழைவுச்சீட்டை எடுத்தால் அதன் அடியில் நான்காய் மடித்த ஒரு துண்டுத்தாள். அதில் இருப்பது அவள் அம்மாவின் கையெழுத்து. பால் கணக்கு எழுதும் அதே சாய்ந்த எழுத்து. அதை மறைக்கலாமா, கொடுத்துவிடலாமா என்று தவிக்கும்போதே பறக்கும் படையினர் உள்ளே வருகிறார்கள். ஒருவர் துண்டுத்தாளை எடுத்து உயர்த்திக் காட்டுகிறார். யாரும் திட்டவில்லை, யாரும் எதுவும் கேட்கவுமில்லை. அறையில் இருந்த எல்லோரும் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்க்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே அவள் அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

எழுந்தபோது மணி நாலரை. முற்றத்தில் கோலம் போடும்போதும் அந்தக் கனம் இறங்கவில்லை. கணவரின் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை. ஒன்பது மணிக்கு டிரங்குப் பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த மதிப்பெண் சான்றிதழை எடுத்துப் பார்த்தாள். அதன் பிறகுதான் எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, நான் அந்தப் பரீட்சையில நெசமாவே பிட்டு வச்சிருந்தேனாண்ணே? உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டபோது அவள் குரல் உடைந்திருந்தது.

பகலில் லட்சக்கணக்கான ரூபாய்க் கணக்கைப் பைசா பிசகாமல் பார்க்கிற பெண், தான் செய்யாத ஒன்றைச் செய்தோமோ என்று என்னிடம் கேட்கிறாள். இந்த நிலைமைக்குக் காரணம் அவளுடைய பலவீனம் என்று நான் நினைக்கவில்லை. தூக்கம் வேலை செய்யும் முறையே காரணம்.

தூங்கும்போது நாம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் ஒரு நிலைக்குப் போய்வருகிறோம். 1953 இல் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை விவரித்தனர். தெளிவான, கதைபோன்ற கனவுகள் அந்நிலையில்தான் அதிகம் வருகின்றன. முன்னிரவில் சில நிமிடங்களே நீடிக்கும் அந்நிலை, விடியலை நெருங்க நெருங்க நீண்டுகொண்டே போகிறது. விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். அது பலிக்கிறதோ இல்லையோ, அந்நேரத்துக் கனவுதான் நீளமானது, அதிலிருந்து நேராக விழித்தெழுவதால் அதுதான் நினைவில் நிற்பது. பழமொழிபோல் வழங்கும் அந்த நம்பிக்கை அவளுடைய அச்சத்தை இன்னும் கொஞ்சம் கூட்டியிருந்தது. "காலங்காத்தால கண்டதுண்ணே" என்று இரண்டு முறை சொன்னாள்.

அந்நிலையில் மூளையின் உணர்ச்சிப் பகுதிகள் விழித்திருக்கும் நேரத்தைப் போலவோ அதைவிடக் கூடுதலாகவோ இயங்குகின்றன. நெற்றிக்குப் பின்னால் இருந்துகொண்டு "இது பொருந்துகிறதா, இப்படி நடந்திருக்குமா" என்று சரிபார்க்கும் பகுதியின் இயக்கமோ குறைந்திருக்கிறது. அதனால்தான் முப்பது வயதைத் தாண்டியவள் புடவையில் பள்ளித் தேர்வு எழுதுவது கனவுக்குள் யாருக்கும் விநோதமாகத் தெரிவதில்லை. உணர்ச்சி முழுமையாக வருகிறது, விசாரணை வருவதில்லை. விழித்ததும் கதையின் பாதி கரைந்துவிடுகிறது, ஆனால் படபடத்த இதயமும் இறுகிய வயிறும் உடம்பில் உண்மையாகவே இருக்கின்றன. காரணம் தெரியாத ஒரு வலி உடம்பில் இருந்தால் மனம் சும்மா இருக்காது, காரணத்தைத் தேடும். அது கிடைக்கிற இடம் பழைய தேர்வறை.

இங்கே இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது. ஒரு நினைவு உண்மையில் நடந்ததா, நாம் கற்பனை செய்ததா என்பதை மனம் எப்படிப் பிரித்தறிகிறது என்று மார்சியா ஜான்சன், கரோல் ரே என்ற உளவியலாளர்கள் 1981 இல் ஒரு விளக்கம் தந்தனர். நினைவுகளின்மேல் "இது நடந்தது", "இது நினைத்தது" என்று முத்திரை எதுவும் இல்லை. அதில் உள்ள இடம், நேரம், ஒலி, வாசனை போன்ற விவரங்களின் செறிவையும், முன்னும் பின்னும் உள்ள நிகழ்ச்சிகளோடு அது ஒட்டுகிறதா என்பதையும் வைத்துத்தான் மனம் தீர்ப்புச் சொல்கிறது. பறப்பதுபோல் ஒரு கனவு வந்தால் தீர்ப்பு எளிது. ஆனால் காப்பிக் கனவு முழுக்க முழுக்க உண்மையான பொருள்களால் கட்டப்பட்டது. அந்த பெஞ்சு உண்மை, சுண்ணாம்பு உதிர்ந்த சுவர் உண்மை, முகப்புத் தாள் உண்மை, அப்பாவின் சைக்கிள் உண்மை. இத்தனை உண்மைகளுக்கு நடுவே பொய்யான ஒரே ஒரு பொருள் அந்தத் துண்டுத்தாள். அதைத் தனியே பிரித்தெடுப்பது நாலரை மணிக்கு எழுந்தவருக்கு எளிதன்று.

ஆகவே நான் அவளிடம், "நீ அப்படிச் செய்யலம்மா" என்று சொல்லி முடித்துவிடவில்லை. அப்படிச் சொன்னால் ஒரு மணி நேரம் நிம்மதி கிடைக்கும், பிறகு "அண்ணனுக்கு எப்படித் தெரியும்" என்ற கேள்வி வந்துவிடும். அதற்குப் பதிலாகக் கனவை அவளையே விசாரிக்கச் சொன்னேன். அந்தத் துண்டுத்தாளை நீ எப்போது எழுதினாய்? எந்தக் கேள்விக்கான விடை அதில் இருந்தது? பிடிபட்ட மறுநாள் என்ன நடந்தது?

முதல் கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை. துண்டுத்தாளை அவள் தயாரித்ததாகக் கனவில் ஒரு காட்சியும் இல்லை. அது அங்கே இருந்தது, அவ்வளவுதான். இந்தக் கனவைச் சொன்ன எல்லோரிடமும் நான் கவனித்த பொது அம்சம் இதுதான். ஒருவர்கூடக் கனவில் பிட்டு எழுதுவதில்லை. சட்டைப்பையில் கைவிட்டால் இருக்கிறது, மேசைக்கு அடியில் இருக்கிறது, உள்ளங்கையில் ஏற்கெனவே எழுதியிருக்கிறது. உண்மையில் காப்பியடிக்கும் பிள்ளைகளைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது முந்தைய நாளே தொடங்கும் வேலை. எந்தக் கேள்வி வரும் என்று ஊகிக்க வேண்டும், பொடி எழுத்தில் எழுத வேண்டும், அளவாக வெட்ட வேண்டும், எங்கே வைப்பது என்று முடிவுசெய்ய வேண்டும், கண்காணிப்பாளர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தீர்மானம் இருக்கிறது. கனவில் அந்தத் தீர்மானங்கள் ஒன்றுகூட இல்லை.

உள்ளத்தால் உள்ளலும் தீது என்று பள்ளியில் மனப்பாடம் செய்து வளர்ந்தவர்கள் நாம். கனவில் வந்தது உள்ளத்தில் இருந்ததுதானே என்று அவளும் கேட்டாள். அந்தக் குறள் தீது என்று சொல்வது, பிறன் பொருளைக் கள்ளத்தால் கவர்வோம் என்று ஒருவன் தனக்குள் கருதுவதை. கருதுகிறவன் விழித்திருக்கிறான், அவன் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. கனவில் துண்டுத்தாளைக் கண்டெடுத்தவளுக்கு வழியே தரப்படவில்லை. அந்த அறத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அதனாலேயே, அதைத் தூக்கத்தில் இருப்பவர்மேல் ஏவக்கூடாது என்றும் எண்ணுகிறேன்.

இரண்டாவது கேள்வியில் கனவு இன்னும் தளர்ந்தது. அவள் எழுதிய தேர்வு கணக்குப்பதிவியல், ஆனால் துண்டுத்தாளில் இருந்தவை வெறும் எண்கள், மூட்டைக் கணக்குபோல. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் பேச்சு நின்றது. மறுவாரம் சங்கத்துக்குத் தணிக்கைக்கு வருகிறார்கள். உரம் விற்கும் கருவி காட்டும் யூரியா இருப்பும் பதிவேட்டில் உள்ள இருப்பும் சில மூட்டைகள் வேறுபட்டிருந்தன. விற்பனையை மறுநாள் பதிந்ததால் வந்த வேறுபாடு என்று அவளுக்குத் தெரியும், ஆனால் இன்னும் சரிசெய்யவில்லை.

1900 என்று ஆண்டு குறிக்கப்பட்டு வெளிவந்த தம் கனவு நூலில் ஃபிராய்டு தேர்வுக் கனவுகளுக்குச் சில பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார். மறுநாள் பொறுப்பான ஒரு வேலையும் அதில் தவறிவிடுவோமோ என்ற அச்சமும் இருக்கும்போது இக்கனவு வருகிறது என்பது அவர் கண்டது. தேறிய தேர்வுகளே கனவில் வருகின்றன, தோற்றவை வருவதில்லை என்ற வியன்னா மருத்துவர் ஸ்டெக்கலின் கருத்தையும் அவர் எடுத்துச் சொல்கிறார். தமக்கே சட்ட மருத்துவத்தில் தேர்ச்சி கிடைக்காமல் போனதையும், அது ஒருபோதும் கனவில் வராமல், தேறிய தாவரவியலும் விலங்கியலும் வேதியியலுமே அடிக்கடி வந்ததையும் சான்றாகக் காட்டுகிறார். இதை நான் விதியாக எடுத்துக்கொள்ள மாட்டேன். தோற்ற பாடத்தையே மறுபடி மறுபடி கனவில் எழுதுகிறவர்களும் எனக்குத் தெரியும். ஆனால் பொறுப்பும் சோதனையும் நெருங்கும்போது பழைய தேர்வறை திறக்கிறது என்பது என் தங்கையின் வழக்கில் அப்படியே பொருந்துகிறது. அவளைச் சோதிக்க வருகிறவர்கள் உண்மையிலேயே வெளியிலிருந்து வருகிறவர்கள். கனவு அவர்களுக்குப் பறக்கும் படையின் உருவத்தைக் கொடுத்துவிட்டது.

மூன்றாவது கேள்விக்கு, மறுநாள் என்ன நடந்தது என்பதற்கு, கனவில் மறுநாளே இல்லை. என் தொழில் அனுபவம் இந்த இடத்தில்தான் அவளுக்கு உதவியது. பொதுத்தேர்வு அறையில் ஒரு பிள்ளையிடம் துண்டுத்தாள் சிக்கினால், அது அந்தப் பார்வைகளோடு முடிவதில்லை. துண்டுத்தாளையும் விடைத்தாளையும் வாங்கிக்கொள்வோம், முதன்மைக் கண்காணிப்பாளருக்குத் தெரிவிப்போம், மாணவரிடம் எழுத்துமூலம் விளக்கம் பெறுவார்கள், எல்லாம் அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போகும், அங்கே முடிவெடுப்பார்கள். கடுமையான நடைமுறைதான், அழுகிற பிள்ளையின் பக்கத்தில் நின்றிருக்கிறேன், அன்றைக்குச் சோறு இறங்காது. என்றாலும் அந்த நடைமுறைக்குள் பிள்ளை தன் பக்கத்தைச் சொல்ல ஒரு தாளும் பேனாவும் தரப்படுகின்றன. கனவில் அது கிடையாது. அங்கே குற்றச்சாட்டும் தீர்ப்பும் தண்டனையும் ஒரே பார்வையில் முடிந்துவிடுகின்றன. இக்கனவு கண்டவர்கள் பலரும் குற்றவுணர்வு என்று சொல்வதில் பெரும்பகுதி, எல்லோர் முன்னிலையிலும் அப்பா பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்த அவமானம் என்று எனக்குத் தோன்றுகிறது. செய்ததற்கான வருத்தமும் பார்க்கப்பட்டதற்கான கூச்சமும் உடம்பில் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் வலிக்கின்றன. விடியற்காலையில் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம்.

அன்று மாலையே அவள் உர இருப்பைச் சரிபார்த்து, வேறுபாட்டுக்கான காரணத்தைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட்டாள். கனம் பாதி இறங்கியது என்றாள். ஆனால் கனவு அந்த வாரத்திலேயே திரும்பவும் வந்தது. அப்போது நான் அவளுக்குச் சொன்னது, கெட்ட கனவுகளுக்கு மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒரு முறை. பேரி க்ராக்கோ என்ற மருத்துவர் அதிர்ச்சிக்கு ஆளான பெண்களின் கெட்ட கனவுகளுக்கு அதைப் பயன்படுத்திப் பலன் கண்டதை 2001 இல் வெளியிட்டார். கனவைப் பகல் வெளிச்சத்தில் ஒரு தாளில் எழுத வேண்டும். பிறகு அதில் எந்த இடத்தை வேண்டுமானாலும், எப்படி வேண்டுமானாலும் மாற்றி எழுத வேண்டும். மாற்றிய கதையை மட்டும் தினமும் பத்து இருபது நிமிடம், கண்ணை மூடிப் படமாக ஓட்டிப் பார்க்க வேண்டும். பழைய கதையை ஓட்டக்கூடாது. சில வாரங்கள் விடாமல் செய்ய வேண்டும்.

அவள் மாற்றிய இடம் என்னை நெகிழ வைத்தது. பறக்கும் படைக்காரர் துண்டுத்தாளை உயர்த்தும்போது, புதிய கதையில் அவள் எழுந்து நிற்கிறாள். "சார், அது எங்கம்மா எழுதுன பால் கணக்கு, படிச்சுப் பாருங்க" என்கிறாள். அவர் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார். மற்றவர்கள் எழுதத் தொடங்குகிறார்கள். துண்டுத்தாளை அவள் நீக்கவில்லை, பறக்கும் படையையும் நீக்கவில்லை. தனக்குப் பேச ஓர் இடம் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இந்த முறைக்கும் ஓர் எல்லை உண்டு. மதிப்பெண் சான்றிதழை ஒருமுறை எடுத்துப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் தினமும் எடுத்துப் பார்ப்பது, பழைய வகுப்புத் தோழிகளுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து "நான் அப்படிச் செய்தேனா" என்று கேட்பது, சொன்ன பதில் அரை நாள்கூடத் தாங்காமல் மறுபடி கேட்பது, கனவில்லாத நாளிலும் அந்த எண்ணத்திலேயே மணிக்கணக்கில் கழிவது ஆகியவை கனவின் பின்விளைவு அல்ல. செய்யாத குற்றத்துக்காக மனம் திரும்பத் திரும்பத் தன்னையே சோதித்துக்கொள்ளும் எண்ணச் சுழற்சி நோய் அப்படித்தான் தோற்றமளிக்கும். அந்நோயில் ஒவ்வொரு சரிபார்ப்பும் அடுத்த சந்தேகத்துக்குத் தீனியாகிவிடுகிறது; ஆறுதல் சொல்லும் உறவினர் அறியாமலேயே அதை வளர்க்கிறார். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். 14416 என்ற அரசின் டெலி மானஸ் இலவச எண்ணை எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். தஞ்சாவூருக்குப் போக வேண்டும் என்றாலே ஊரில் என்ன நினைப்பார்களோ என்று தயங்குகிற குடும்பங்களுக்கு அந்தத் தொலைபேசி பெரிய உதவி.

உண்மையிலேயே காப்பியடித்தவர்களின் கனவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் மேலே சொன்ன மூன்று கேள்விகளும் அவர்களுக்கு வேறு விதமாகப் பதில் தரும். துண்டுத்தாளை எங்கே உட்கார்ந்து எழுதினோம், எந்த வினாவுக்கு எழுதினோம், அதன் பிறகு என்ன ஆயிற்று என்று அவர்களால் சொல்ல முடியும். அப்படி ஒருவர் என்னிடம் சொன்னார். கல்லூரிக் காலத்து ஒரு தாள், முன்னால் இருந்த நண்பனின் விடையைப் பார்த்து எழுதியது. அவருடைய கனவில் பறக்கும் படை வருவதே இல்லை. நண்பன் மெதுவாகத் திரும்பிப் பார்க்கிறான், அவ்வளவுதான். அவரைக் கதையை மாற்றி எழுதச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த நண்பர் மன்னார்குடியில்தான் இருக்கிறார், பேருந்தில் முக்கால் மணி நேரம், போய்ப் பேசிவிட்டு வாருங்கள் என்றேன். அவர் இன்னும் போகவில்லை, போவதாகச் சொல்லியிருக்கிறார்.